"இயற்கைதானே!" – ஒரு சொல்லும் அது மறைக்கும் பிழையும்

சில வருடங்களுக்கு முன்னர் தரம் 11 மாணவி ஒருத்தியின் வரவுப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதந்தோறும் இரண்டு அல்லது மூன்று நாள் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதங்களே இருந்தன. உம்மாவை அழைத்துப் பேசினேன். அவர் தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னார். மாதாந்த வலி. பிள்ளை பாயில் சுருண்டு கிடப்பாள், சாப்பிடமாட்டாள், சில வேளை வாந்தியும் எடுப்பாள்.

"வைத்தியரிடம் காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"இதுக்கெல்லாம் டொக்டர்க்கிட்ட போறதா டீச்சர்? எல்லாப் பொம்புளப் புள்ளைகளுக்கும் வாறதுதானே. எங்கட உம்மாவும் இப்பிடித்தான் கிடந்தாங்க, நானும் கிடந்தன். இயற்கைதானே, பொறுத்துக்கத்தான் வேணும்."

அந்தத் தாய் அன்பில்லாதவர் அல்லர். மகளின் வலியை நினைத்துப் பேசும்போதே அவருக்குக் கண் கலங்கியது. ஆயினும் அவர் சொன்ன வாக்கியங்களில் ஒரு தர்க்கப் பிழை இருக்கிறது. அது அவருடைய சொந்தப் பிழையும் அன்று. பெரிய பேராசிரியர்களும் அதே பிழையைச் செய்திருக்கிறார்கள். உயர்தரத்தில் அளவையியல் கற்கும் மாணவியர் போலிகளைப் பற்றிப் படிப்பார்கள். ஏனையோரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு போலி இது. பரீட்சைத் தாளைக் காட்டிலும் வீட்டில்தான் இதை நாம் அடிக்கடி சந்திக்கிறோம்.

வாதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு வாதத்தைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் அதன் எடுகூற்றையும் முடிவையும் வேறுபடுத்தி எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாயின் வாதம் இப்படி அமைகிறது.

எடுகூற்று: இந்த வலி இயற்கையானது.
முடிவு: ஆகவே இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எடுகூற்று ஓர் உண்மையைச் சொல்கிறது. உலகில் ஒன்று எப்படி இருக்கிறது என்பதே அதன் செய்தி. முடிவோ நாம் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடுகிறது. 'இருக்கிறது' என்பதிலிருந்து 'வேண்டும்' என்பதற்கு வாதம் ஒரே தாவாகத் தாவியிருக்கிறது. இடையில் ஒரு பாலம் இல்லாமல் இந்தத் தாவல் நடக்காது. அந்தப் பாலம் சொல்லப்படாத இன்னோர் எடுகூற்று: "இயற்கையானது எதுவோ அதை மாற்றக்கூடாது."

சொல்லாமல் விடப்பட்ட இந்த வாக்கியத்தைக் காகிதத்தில் எழுதியவுடன் அதன் பலவீனம் தெரிந்துவிடுகிறது. பல் சொத்தையாவதும் இயற்கைதான். பாம்பின் விஷமும் இயற்கைதான். வயது போகப் பார்வை மங்குவதும் இயற்கைதான். பல்லுக்கு மருந்து போடுகிறோம், பாம்புக்கடிக்கு ஊசி போடுகிறோம், கண்ணுக்குக் கண்ணாடி அணிகிறோம். அந்த உம்மாவே மூக்குக் கண்ணாடியுடன்தான் என் முன் அமர்ந்திருந்தார். ஆக, அந்த மறைந்த எடுகூற்றை நாம் யாரும் உண்மையில் நம்புவதில்லை. வேண்டிய இடத்தில் மட்டும் அதை எடுத்துப் பாவிக்கிறோம்.

1847, எடின்பரோ

இதே வாதம் மருத்துவ உலகையே கலக்கிய ஒரு சம்பவம் உண்டு. ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்பவர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்தார். 1847 ஜனவரியில் அவர் பிரசவ வலியைத் தணிக்க ஈதர் என்னும் ஆவியைப் பயன்படுத்தினார். அது மணத்தாலும் எரிச்சலாலும் அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. வேறு பொருள்களைத் தேடினார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி இரவு, தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலே உதவியாளர் இருவருடன் குளோரோபோம் என்னும் திரவத்தின் ஆவியை முகர்ந்து பார்த்தார். மூவரும் மயங்கி விழுந்தனர். சில நாள்களுக்குள் பிரசவ வலியால் துடித்த ஒரு தாய்க்கு அதைக் கொடுத்தார்.

அக்காலத்தில் கையை வெட்டி அகற்றும்போது நோயாளியை மயக்குவதை வைத்தியர்கள் வரவேற்றனர். பிரசவத்தில் மட்டும் பலர் எதிர்த்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்? கத்தியால் வருவது செயற்கையான வலி, பிரசவத்தில் வருவது இயற்கையான வலி என்றார்கள். துடிப்பவருக்கு இரண்டும் வலிதான். பெயர் மட்டும் வேறு.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த பேராசிரியர் சார்ல்ஸ் மெய்க்ஸ். அவரும் மகப்பேற்று மருத்துவரே. 1848இல் அவர் சிம்ப்சனுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு வேறுபட்ட வாதங்கள் இருக்கின்றன. அவற்றை வேறுபடுத்திக் காண்பதே இந்தக் கட்டுரையின் மையமான பயிற்சி.

முதலாவது வாதம்: பிரசவ வலி உயிர்ச் சக்தியின் இயல்பான, நன்மையான வெளிப்பாடு. ஆகவே அதை அகற்றக்கூடாது.

இரண்டாவது வாதம்: ஆயுதம் கொண்டு குழந்தையை வெளியே எடுக்க வேண்டி வரும்போது, தாய் தன் வலியைச் சொல்வது வைத்தியருக்கு ஒரு வழிகாட்டி. ஆயுதம் பிழையான இடத்தில் பட்டால் அவள் உடனே சொல்லுவாள். மயக்கிவிட்டால் அந்த எச்சரிக்கை கிடைக்காது.

இரண்டும் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன. ஆனால் தரத்தில் அவை ஒன்றல்ல. இரண்டாவது வாதம் ஒரு தீங்கைச் சுட்டிக்காட்டுகிறது. அந்தத் தீங்கு உண்மையிலேயே நிகழ்கிறதா, எத்தனை தாய்மாருக்கு நிகழ்கிறது, வேறு வழியில் தடுக்கலாமா என்று தேடிப் பார்க்கலாம். தேடியபின் அது சரியென்றும் தெரியவரலாம், பிழையென்றும் தெரியவரலாம். முதலாவது வாதத்தில் அப்படித் தேடுவதற்கு எதுவுமில்லை. 'இயல்பானது' என்று பெயரிட்டவுடனேயே 'நன்மையானது' என்ற தீர்ப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது.

சிம்ப்சனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அயர்லாந்திலிருந்து வந்த ஒரு சீமாட்டி, பிரசவ வலியை நீக்குவது இயற்கைக்கு மாறானது என்று அவரிடம் குறைப்பட்டாராம். நீங்கள் காற்றையும் அலையையும் எதிர்த்து நீராவிக் கப்பலில் கடல் கடந்து வந்தீர்களே, அது எவ்வளவு இயற்கைக்கு மாறானது என்று சிம்ப்சன் திருப்பிக் கேட்டாராம். இந்தப் பதிலை வெறும் நகைச்சுவை என்று நினைக்கக்கூடாது. எதிர்வாதி மறைத்து வைத்த எடுகூற்றை எடுத்து, அவரே ஏற்றுக்கொள்ளாத இடத்தில் பொருத்திக் காட்டும் முறை இது. மூக்குக் கண்ணாடி உதாரணத்திலே நாம் செய்ததும் அதுதான்.

'இயற்கை' என்றால் என்ன?

ஆங்கிலேயத் தத்துவஞானி ஜோன் ஸ்டுவர்ட் மில் 'இயற்கை' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பின்னர் 1874இல் அது வெளிவந்தது. 'இயற்கை' என்ற சொல்லை நாம் குறைந்தது இரண்டு பொருளில் பாவிக்கிறோம் என்பது அவர் காட்டிய விஷயம்.

ஒரு பொருளில், உலகில் நடப்பவை எல்லாமே இயற்கை. மழை பெய்வதும் இயற்கை, மனிதன் குடை பிடிப்பதும் இயற்கை. குளோரோபோம் நரம்புகளில் வேலை செய்வதும் இயற்கையின் விதிப்படியே. இந்தப் பொருளில் இயற்கைக்கு மாறாக நடக்க எவராலும் முடியாது. முடியாத ஒன்றைச் செய்யாதே என்று சொல்வதில் பொருளில்லை.

மற்றப் பொருளில், மனிதன் கை வைக்காமல் தானாக நடப்பது மட்டுமே இயற்கை. இந்தப் பொருளை எடுத்தால் இயற்கையைப் பின்பற்று என்ற அறிவுரைக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அதை எவராலும் பின்பற்ற முடியாது. சோறு சமைப்பது, கிணறு வெட்டுவது, வயலுக்கு வாய்க்கால் கட்டுவது, காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பது எல்லாம் தானாக நடப்பதை மாற்றும் செயல்களே.

வாதிடுகிறவர் பெரும்பாலும் இந்த இரண்டு பொருளுக்கும் இடையே தமக்குத் தெரியாமலே மாறிக்கொள்கிறார். அவருக்குப் பிடித்தது நடந்தால் அது இயற்கை. பிடிக்காதது நடந்தால் அது இயற்கைக்கு மாறானது. அந்த இடத்தில் 'இயற்கை' என்ற சொல் எந்தச் செய்தியையும் தருவதில்லை. 'நல்லது' என்ற சொல்லுக்கு வேறு உடை போட்டு நிறுத்தியது போலத்தான். எனவே யாராவது 'இது இயற்கையானது' என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் பொருளில்?

பதினைந்து வயதுச் சிறுமி

இதுவரை வாசித்தவர்கள், சிம்ப்சன் சரி, எதிர்த்தவர்கள் எல்லோரும் பிழை என்று எண்ணியிருக்கலாம். அப்படி முடித்துவிட்டால் நாமும் பாதி வழியில் நின்றுவிடுவோம்.

1848 ஜனவரி 28. இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே ஹனா கிரீனர் என்ற சிறுமிக்குக் கால் விரலின் நகத்தை அகற்ற வேண்டியிருந்தது. அவளுக்கு வயது 15. குளோரோபோம் நனைத்த துணியை முகத்தருகே பிடித்தார்கள். சில நிமிடங்களுக்குள் அவள் இறந்துவிட்டாள். குளோரோபோமால் நிகழ்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. அதை மயக்க மருந்தாக சிம்ப்சன் பாவிக்கத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

சிம்ப்சன் இந்த மரணத்துக்கு வேறு விளக்கம் சொன்னார். அவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய திரவமே மூச்சை அடைத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஜோன் ஸ்னோ என்னும் லண்டன் வைத்தியர் அதை ஏற்கவில்லை. துணியில் ஊற்றிக் கொடுக்கும்போது எவ்வளவு ஆவி நுரையீரலுக்குள் போகிறது என்று எவருக்கும் தெரியாது, அளவு மிஞ்சினால் இதயம் நின்றுவிடும் என்று அவர் வாதிட்டார். ஆவியின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவிகளை அமைத்தார். குளோரோபோமால் நேர்ந்த மரணங்களை ஒவ்வொன்றாகச் சேகரித்து ஆராய்ந்தார். அந்த ஆய்வு நூல் 1858இல், அவர் இறந்த ஆண்டிலேயே வெளிவந்தது. பிற்காலத்தில் குளோரோபோம் இதயத்துடிப்பைக் குழப்பும் என்பது பரிசோதனைகளால் உறுதியானது. அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்தபின் வைத்தியர்கள் அதைக் கைவிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குளோரோபோமைப் பற்றிப் பயப்பட நியாயமான காரணம் இருந்தது. ஆனால் 'இது இயற்கைக்கு மாறானது' என்பது அந்தக் காரணம் அல்ல. அப்படிச் சொன்னவர்களின் வாதத்தால் ஹனாவின் உயிரைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஏனெனில் அவளுக்கு நடந்தது பிரசவம் அல்ல, சிறு சத்திரசிகிச்சை. அங்கே மயக்க மருந்தை அவர்களே ஆட்சேபிக்கவில்லை. பிற்காலத்தில் உயிர்களைக் காத்தவை ஸ்னோ கேட்ட கேள்விகள்: எவ்வளவு கொடுக்கிறோம்? எப்படிக் கொல்கிறது? எப்படித் தடுக்கலாம்? பிழையான கேள்வி சரியான கேள்விக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் இந்தப் போலியின் பெரிய தீமை.

1853 ஏப்ரல் 7ஆம் திகதி விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது குழந்தை பிறந்தபோது ஸ்னோதான் குளோரோபோம் கொடுத்தார். கைக்குட்டையில் சிறிது சிறிதாக, 53 நிமிடங்கள். அதன்பின் பல சீமாட்டிகள் அதையே கேட்டு வாங்கினார்கள். இதையும் ஒரு வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மகாராணி செய்தார், பிறகு எல்லோரும் செய்தார்கள் என்பதனாலும் ஒன்று சரியாகிவிடாது.

போலிக்குப் பெயர் வந்த கதை

சிம்ப்சனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அதே எடின்பரோ நகரில் பிறந்தவர் டேவிட் ஹியூம். மனித இயல்பு பற்றிய தமது பெருநூலின் மூன்றாம் பகுதியை 1740இல் வெளியிட்டார். ஒழுக்கம் பற்றி எழுதுகிறவர்கள் 'இருக்கிறது, இல்லை' என்று சொல்லிக்கொண்டு வந்து, வாசகர் கவனிக்காத இடத்தில் 'வேண்டும், கூடாது' என்று மாறிவிடுகிறார்கள் என்பதை அவர் அதில் சுட்டிக்காட்டினார். இந்த மாற்றத்துக்கு விளக்கம் தர வேண்டும் என்று கேட்டார்.

'இயற்கைவாதப் போலி' என்ற பெயரைத் தந்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜி. ஈ. மூர். அவருடைய 'பிரின்சிபியா எதிக்கா' 1903இல் வெளிவந்தது. மூர் சற்று வேறொன்றைச் சொன்னார். 'நல்லது' என்பதன் பொருளே 'இன்பம் தருவது' அல்லது 'இயற்கையானது' என்று வரைவிலக்கணம் கொடுப்பது பிழை என்றார். அதற்கு அவர் தந்த சோதனை இலகுவானது. 'மணமாகாதவன்' என்பதும் 'பிரமச்சாரி' என்பதும் ஒரே பொருள். ஆகவே 'அவன் பிரமச்சாரிதான், ஆனால் மணமாகாதவனா?' என்று கேட்டால் கேட்பவருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை என்போம். 'இது இயற்கையானதுதான், ஆனால் நல்லதா?' என்று கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டோம். அது யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. எனவே இரண்டு சொல்லும் ஒரே பொருளுடையன அல்ல.

அன்றாடப் பேச்சில் இந்தப் பெயரை நாம் பரந்த பொருளிலே பாவிக்கிறோம். இயற்கையானது, ஆகவே நல்லது என்று வாதிடும் எல்லாவற்றையும் அப்பெயரால் அழைக்கிறோம். பரீட்சையில் எழுதும்போது மட்டும், மூர் சொன்னது வரைவிலக்கணம் பற்றியது, ஹியூம் சொன்னது 'இருக்கிறது' என்பதிலிருந்து 'வேண்டும்' என்பதற்குத் தாவுவது பற்றியது என்ற வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள்.

"எல்லாருக்கும் வாறதுதானே"

அந்த உம்மா இன்னொன்றும் சொன்னார்: எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் வருவதுதான். இங்கே 'இயற்கை' என்ற சொல்லின் இடத்தில் 'வழமை' இருக்கிறது. வாதத்தின் அமைப்பு அதேதான்.

நமது நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1930களின் நடுப்பகுதியில், மலேரியாக் கொள்ளை நோய்க் காலத்தில், இலங்கையில் உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு 100,000 குழந்தைக்கும் 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாயின் மரணம் என்பது அதன் கருத்து. ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைப்பேற்றில் போன ஒரு தாயைப் பற்றிய பேச்சு இருந்திருக்கும். அதைவிடப் பொதுவான துயரம் இல்லை எனலாம். இயற்கையானது என்றும் சொல்லியிருக்கலாம், ஏனெனில் இரத்தப் பெருக்கும் கிருமித் தொற்றும் மனிதர் உண்டாக்கியவை அல்ல.

ஆயினும் அதை அப்படியே விட்டுவிடக்கூடாது என்று சிலர் தீர்மானித்தார்கள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவ மாதுக்கள் வீடு வீடாகச் சென்றனர். பிரசவத்துக்கு வைத்தியசாலைக்குப் போகும் வழக்கம் பரவியது. மலேரியா கட்டுப்படுத்தப்பட்டது. 1950 அளவில் அந்த எண்ணிக்கை 500க்கும் 600க்கும் இடைப்பட்டதாகக் குறைந்தது. இன்று அது 50க்கும் கீழே. இந்தக் கட்டுரையை வாசிக்கும் பிள்ளைகளில் பலர் தம் உம்மும்மாவின் மடியில் வளர்ந்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். 'எல்லா ஊரிலும் நடப்பதுதானே' என்று நின்றிருந்தால் அந்த மடி இருந்திருக்காது.

உண்மைகளுக்கு இடமே இல்லையா?

ஒரு மாணவி வகுப்பில் என்னிடம் கேட்டாள்: "அப்படியென்றால் இயற்கையைப் பற்றியும் வழமையைப் பற்றியும் பேசவே கூடாதா டீச்சர்?"

பேசலாம். பேசவும் வேண்டும். உண்மைகளைக் கொண்டு வாதிடுவது போலியல்ல. உண்மை மட்டும் போதும் என்று நினைப்பதே போலி. பின்வரும் வாதத்தைப் பாருங்கள். 'இந்த வலியால் பிள்ளை பாடசாலையை இழக்கிறாள். அதைப் பாதுகாப்பாகத் தணிக்க வழி இருக்கிறது. தணிக்கக்கூடிய துன்பத்தைக் காரணமின்றி விட்டுவைக்கக்கூடாது. ஆகவே தணிக்க வேண்டும்.' இங்கே முதல் இரண்டும் உண்மை பற்றிய கூற்றுகள். மூன்றாவது மதிப்புப் பற்றிய கூற்று. பாலம் வெளிப்படையாக இருக்கிறது. எவருக்காவது உடன்பாடில்லையென்றால் எந்தக் கூற்றில் உடன்பாடில்லை என்று விரல் வைத்துக் காட்டலாம்.

'எல்லோருக்கும் வருகிறது' என்ற செய்திக்கும் பயன் உண்டு. மாதாந்த வலி வந்தவுடன் பெரிய நோய் வந்துவிட்டதென்று பிள்ளை பயப்படத் தேவையில்லை என்பதை அது சொல்கிறது. உம்மா மகளுக்கு அளித்த ஆறுதல் அந்தளவுக்குச் சரியானதே. ஆனால் பயப்படத் தேவையில்லை என்பது வேறு, ஒன்றும் செய்யத் தேவையில்லை என்பது வேறு.

எதிர்ப்பக்கத்திலும் விழலாம். புதியது, செயற்கையானது, ஆகவே சிறந்தது என்று நினைப்பதும் இதே பிழையின் மறுபக்கமே. ஹனா கிரீனரின் கதை அதற்குச் சாட்சி.

மீண்டும் அந்த உம்மாவிடம்

அன்று நான் அவரிடம் ஹியூமையோ மூரையோ பற்றிப் பேசவில்லை. "இயற்கைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனா பொறுத்துக்கொள்வதால் பிள்ளைக்கு ஏதாவது நன்மை இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சற்று யோசித்தார். "நன்மையென்று ஒண்டுமில்ல டீச்சர்" என்றார்.

பிறகு அவர் கேட்டது எனக்குப் புன்னகையை வரவழைத்தது. "அப்ப கடைக் குளிசை வேணாம், கைமருந்து ஏதாவது குடுப்பம். அது இயற்கைதானே, பாதகமில்ல." சற்று முன்னர் மருந்து வேண்டாம் என்பதற்குக் காரணமாக நின்ற அதே சொல், இப்போது மருந்துக்குச் சான்றிதழாக வந்து நிற்கிறது. எட்டிக்காயும் அரளி விதையும் செடியிலிருந்து வருபவையே. இரண்டும் உயிர் குடிப்பவை. கைமருந்தைப் பற்றியும் குளிசையைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது வேலை செய்கிறதா, எந்த அளவில் பாதுகாப்பானது?

"எதைக் கொடுப்பதென்று வைத்தியர் சொல்லட்டும்" என்றேன். அவர் மகளை அழைத்துச் சென்றார். வைத்தியர் விளக்கியதை அடுத்த முறை வந்தபோது என்னிடம் சொன்னார். கருப்பைச் சுவரில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் இரசாயனம் தசைகளை இறுகச் செய்வதால் அந்த வலி வருகிறது. அது உண்டாவதைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. எல்லோருக்கும் எல்லா மருந்தும் பொருந்தாது என்பதால் வைத்தியர் சொல்லும் அளவில்தான் எடுக்க வேண்டும். வலி பாடசாலைக்குப் போக முடியாத அளவுக்கு இருந்தால், அல்லது மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால், வேறு நோய் உண்டா என்று பார்க்க வேண்டும். 'எல்லாருக்கும் வாறதுதானே' என்ற சொல் மூடி வைத்திருந்த கதவு இதுதான்.

அந்தப் பிள்ளை பரீட்சைக்கு முந்திய மாதங்களில் ஓரிரு நாள்தான் வராமல் இருந்தாள்.

அவளுடைய உம்மா கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார். "நான் கிடந்த காலத்தில என்ட உம்மாக்கிட்ட யாரும் இப்பிடிக் கேக்கல்ல டீச்சர்." அவர் வருந்திச் சொன்னாரா, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வீட்டில் அவருக்கு இன்னும் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த வயது வரும்போது அவர் என்ன கேட்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.